‘இல்லாமல்’ இல்லாத வாழ்த்து அட்டை

கேள்வி: அக்கா, என் தோழிக்கு இப்போது ஏழு மாதம். வருகிற போயா விடுமுறையன்று அவளுடைய வீட்டில் வளைகாப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து ஓ.எல். வரை ஒரே சைக்கிளில் ரியூசனுக்குப் போய் வந்தவர்கள் நாங்கள். நான் மிதிப்பேன், அவள் கரியரில் இருப்பாள். இரண்டு வருடத்துக்கு முதல் அவளுக்கு ஒன்று கலைந்து போனது. அதனால் வீட்டில் இப்போது எதற்கெடுத்தாலும் பயம். அவளுடைய மாமி சகுனம் பார்க்காத நாளே இல்லை. போன கிழமை அவள் என்னிடம், “எல்லாரும் கவனம் கவனம் எண்டுதான் சொல்லினம். சந்தோசமா இருக்கிறியா எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை” என்றாள். அவளுக்கு என் கையால் ஒரு அட்டை செய்து கொடுக்க ஆசை. இப்படி எழுதிப் பார்த்தேன்: “எந்தத் தடையும் இல்லாமல், யார் கண்ணும் படாமல், இந்த முறை எல்லாம் நல்லபடியாக முடிந்து, சுகப்பிரசவமாகித் தாயும் சேயும் நலமுடன் வீடு திரும்ப வேண்டுமென்று இறைவனைப் பிரார்த்திக்கிறேன்.” வாசித்தால் இதுவும் பயமுறுத்துகிற மாதிரித்தான் இருக்கிறது. எங்கே பிழை விடுகிறேன்?
வாசகி, கோண்டாவில்

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதிய அந்த வரியை எனக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருடமாக யாழ்ப்பாணத்தில் அச்சகத்துக்கு வாசகம் எழுதிக் கொடுக்கிறவள் நான். கல்யாணம், சாமத்தியம், குடிபூரல், வளைகாப்பு என்று எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். உங்களுடைய வரியை ஏறக்குறைய அதே சொற்களோடு நானும் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் சித்தப்பாவின் மகள் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது அப்படி ஒரு அட்டையை அவளிடமே நீட்டினேன். அவள் இரண்டு தரம் வாசித்துவிட்டு, “ஏன் அக்கா வரிக்கு வரி ‘இல்லாமல்’ கிடக்குது? இவ்வளவும் நடக்குமோ?” என்று கேட்டாள். அட்டையை வாங்கி எண்ணினேன். எட்டு வரியில் நான்கு ‘இல்லாமல்’, ஒரு ‘படாமல்’. அவள் கேட்கும் வரை அது என் கண்ணில் பட்டதே இல்லை.

அந்த நாளுக்குப் பிறகுதான் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். தமிழில் மறுப்பு எப்போதும் கடைசியில்தான் வரும். ‘தடை இல்லாமல்’ என்று எழுதினால் கண் முதலில் காண்பது தடையை. ‘இல்லாமல்’ பிறகு வந்து அதை அழிக்கப் பார்க்கும், ஆனால் அதற்குள் தடை உள்ளே வந்து குந்திவிடும். ‘கண் படாமல்’ என்றால் முதலில் கண், ‘குறை ஏதும் வராமல்’ என்றால் முதலில் குறை. சாதாரணமாக இருக்கிற ஒருவருக்கு இது ஓசை மட்டும்தான், வாசித்துவிட்டுப் போய்விடுவார். ஏற்கெனவே ஒரு முறை இழந்தவளுக்கு அப்படி இல்லை. எல்லோரும் ‘கவனம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டில், அவள் ஒவ்வொரு சொல்லையும் அது வருகிற வரிசையிலேயே வாங்கிக்கொள்வாள்.

ஆகவே எழுதி முடித்ததும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: பென்சிலை எடுத்து, ‘-ஆமல்’ என்று முடிகிற சொல்லையெல்லாம் வட்டமிடுங்கள். அவற்றை மாற்றி எழுத முயல வேண்டாம், அந்தத் தொடரையே எடுத்துவிடுங்கள். ‘தடை இல்லாமல்’ என்பதை ‘தடைகள் நீங்கி’ என்று மாற்றினாலும் தடை அங்கேயேதான் இருக்கும்.

எங்கள் பிள்ளைத்தமிழ் மரபை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். அதில் பத்துப் பருவங்கள். முதலாவது காப்புப் பருவம்: பிள்ளையைக் காத்தருள வேண்டும் என்று தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைப்பது. நாங்கள் பழகிய வாழ்த்து மொழி முழுவதும் அந்த முதல் பருவத்திலேயே நின்றுவிட்டது. பிள்ளைத்தமிழோ அங்கே நிற்பதில்லை. செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று போய் ஆறாவது பருவத்துக்கு வரும். அதன் பெயர் வருகைப் பருவம், வாரானை என்றும் சொல்வார்கள். தளர்நடை போடும் பிள்ளையைப் பார்த்து ‘வருக, வருக’ என்று கூப்பிடுவது. அடுத்தது அம்புலி, நிலாவையே பிள்ளையோடு விளையாட அழைப்பது. உங்கள் தோழிக்குக் காப்புப் பாட அந்த வீட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வருகை பாடத்தான் ஒருவரும் இல்லை. அந்த இடம் உங்களுடையது.

சரி, உங்கள் வரிக்கு வருவோம். ‘-ஆமல்’ இரண்டும் போன பிறகும் அதில் பயம் மிச்சம் இருக்கிறது.

மிகவும் கனமான சொல் ‘இந்த முறை’. பார்க்கச் சின்னச் சொல், ஆனால் அதற்குள் ‘போன முறை’ முழுதாக இருக்கிறது. இதே வேலையைச் செய்யும் இன்னும் சில சொற்கள் உண்டு: ‘ஒருவழியாக’, ‘எப்படியாவது’, ‘கடைசியில்’, ‘இனியாவது’, ‘காத்திருந்ததற்குப் பலனாக’. அன்போடுதான் எழுதுவோம், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பழைய கணக்கைத் திறந்து வைக்கும். போன பிள்ளையைப் பற்றி அவள் பேச விரும்பினால் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து கேளுங்கள். அது இரண்டு பேரும் தனியே இருந்து பேசும் விஷயம். அவள் எடுத்து எடுத்து வாசிக்கப்போகும் அட்டையில் அதற்கு இடம் வேண்டாம்.

அடுத்தது ‘சுகப்பிரசவம்’. இந்தச் சொல்லை நான் இப்போது யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. எங்கள் பேச்சில் அது இயல்பான பிரசவத்தை மட்டுமே குறிக்கிறது. சிசேரியன் செய்து பெறுகிறவர்கள் எத்தனையோ பேர். அப்படிப் பெற்ற ஒருத்தி வீட்டுக்கு வந்து, வயிற்றில் தையலோடு படுத்திருந்து, மேசையில் இருக்கும் அந்த அட்டையை எடுத்து வாசித்தால் தான் எதிலோ தவறிவிட்டது போல இருக்கும். எப்படிப் பெறுவது என்பது வைத்தியரும் அவளும் அந்த நேரத்து நிலைமையும் தீர்மானிக்கிற காரியம். வாழ்த்து அதற்குள் போகத் தேவையில்லை. இதே காரணத்துக்காக, பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்கிற பழைய பேச்சும் அட்டையில் வரக்கூடாது. மறுபிறவி என்றால் இடையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

‘நலமுடன் வீடு திரும்ப’ என்பதில் பயம் எங்கே என்று கேட்பீர்கள். வீடு திரும்புவது என்று சொன்னதும் ஆஸ்பத்திரி வந்துவிடுகிறது, திரும்பாத ஒரு நினைப்பும் பின்னால் வருகிறது. ‘வேண்டும்’, ‘பிரார்த்திக்கிறேன்’ இரண்டையும் பற்றி என் கருத்து வேறு. பிரார்த்தனை நல்லது, நல்லூர்க் கந்தனிடம் போய் அவளுக்காகக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். ஆனால் அதை அட்டையில் எழுதினால் நீங்கள் எதற்கோ அஞ்சிக் கும்பிடுகிறீர்கள் என்று அவள் நினைப்பாள். கும்பிட்டதை அவளிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வரியில் இல்லாத, ஆனால் இந்த அட்டைகளில் அடிக்கடி வருகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மழலைச் சொல்லைக் குழலோடும் யாழோடும் ஒப்பிடும் குறளை எல்லோரும் போடுவார்கள், யாழ் என்ற சொல் இருப்பதால் எங்களுக்கு அதில் கூடுதல் ஆசை. நல்ல குறள்தான். ஆனால் அது முடிகிற இடத்தில் நிற்கிறவர்கள், மழலையைக் கேட்கக் கிடைக்காதவர்கள். பிள்ளைக்காகக் காத்திருந்த ஒருத்தியின் கையில் அந்தக் கடைசிச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இவ்வளவையும் எடுத்துவிட்டால் உங்கள் வரியில் ஒன்றும் மிஞ்சாது. அது நல்லதுதான். வெறும் தாளில் இருந்து தொடங்குவோம்.

காப்பு மொழி முழுவதும் வரப்போகும் நாளைப் பற்றியது. வரப்போகும் நாள் யாருக்கும் தெரியாததால்தான் அதில் பயம் ஏறுகிறது. ஆகவே இன்றைய நாளை எழுதுங்கள், உங்கள் இருவருக்கும் நடந்து முடிந்த நாட்களையும் எழுதுங்கள். இரண்டுமே உறுதியானவை, யாரும் அழிக்க முடியாதவை. அவள் இன்று எப்படிச் சிரித்தாள், எதை ஆசையோடு தின்றாள், பிள்ளை உதைத்தபோது அவள் முகம் எப்படி மாறியது என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவளுடைய வயிறு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறவர்களே நிறைய, அவளைப் பார்க்கிறவர்கள் குறைவு. ‘சந்தோசமா இருக்கிறியா’ என்று யாரும் கேட்கவில்லை என்றாளே, அதற்குப் பதில் இதுதான்: நான் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று ஒரு சின்ன விவரத்தால் காட்டுவது.

கரியரில் இருந்து போன கதையைக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிட்டு ‘எந்தத் தடையும் இல்லாமல்’ என்று தொடங்கினீர்களே என்றுதான் எனக்கு ஆதங்கம். அட்டையின் முதல் வரியில் இருக்க வேண்டியது அந்தச் சைக்கிள்தான்.

பிள்ளை பிறக்கும் நாள் எதையும் குறிக்க வேண்டாம். ‘இன்னும் அறுபது நாள்’ என்று கணக்குப் போட்டு எழுதுவது இப்போது ஒரு பழக்கமாகியிருக்கிறது. கிளினிக்கில் சொல்லும் திகதி, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 40 கிழமையைக் கூட்டிப் பார்க்கிற ஒரு மதிப்பீடு. சரியாக அந்த நாளிலேயே பிறக்கும் பிள்ளைகள் நூற்றில் ஐந்து பேர் அளவில்தான். 37 கிழமை முடிந்ததிலிருந்து 42 கிழமை வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். எண்ணிக்கொண்டிருக்கும் நாள் தாண்டிப் போனால், ஒன்றும் இல்லாத இடத்தில் புதிதாக ஒரு கவலை பிறக்கும். ‘நல்ல செய்திக்காகக் காத்திருக்கிறோம்’ என்பதும் இதே ரகம்தான். எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்ற நெருக்குதலை அது கொடுக்கும்.

அப்புறம், ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். ‘எந்த உதவி எண்டாலும் கேள்’ என்று எழுதினால் அவள் கேட்க மாட்டாள், எங்கள் ஆட்களுக்குக் கேட்கத் தெரியாது. என்ன செய்வேன், எந்த நாளில் செய்வேன் என்று எழுதுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘பிள்ளை பிறந்ததும் வருவேன், துடக்குக் கழிந்ததும் வருவேன்’ என்று எழுதினால் அந்த வாக்கு ஒரு நிபந்தனையில் தொங்குகிறது. இந்தக் கிழமையே தொடங்கக்கூடியதாகவும், எது எப்படிப் போனாலும் தொடரக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு போதும். பத்தியக் கறி காய்ச்சித் தருகிறேன் என்று மட்டும் எழுத வேண்டாம். சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைப்பது அவளுடைய அம்மாவும் மாமியும் தங்கள் உரிமையாக நினைத்து வைத்திருக்கும் வேலை. அதில் கை வைத்தால் அட்டை மேலேயே அவர்களுக்குக் கோபம் வரும்.

பிள்ளைக்கென்று கடைசியில் ஒரே ஒரு வரி வைத்தால் போதும். ‘ராசா’, ‘சிங்கக்குட்டி’, ‘மகாலட்சுமி’ எதுவும் வேண்டாம். ஆணா பெண்ணா என்று வயிற்றைப் பார்த்துச் சொல்கிறவர்களின் பேச்சு அட்டைக்குள் வரக்கூடாது. ஒருவேளை ஸ்கேனில் தெரிந்திருந்தாலும் அதைச் சொல்வது அவள் பாடு. எங்கள் மொழி இதற்கு நல்ல வசதி செய்து தந்திருக்கிறது. ‘குட்டி ஆள்’, ‘குஞ்சு’ என்று கூப்பிட்டு, ‘வாறார்’, ‘வாங்கோ’ என்று மரியாதை விகுதியில் எழுதினால் ஆண் பெண் எதுவும் தெரியாது, செல்லமும் கூடும். வயிற்றில் இருக்கும் பிள்ளையை ‘வாங்கோ’ என்று பன்மையில் கூப்பிடுகிற அழகு யாழ்ப்பாணத்துப் பேச்சில் உண்டு.

எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்று யோசிக்க வேண்டாம். அச்சடிக்கும் அழைப்பிதழ் என்றால் எழுத்துத் தமிழ்தான் சரி. இது ஒருத்தி இன்னொருத்திக்குக் கையால் எழுதுவது. அவள் வாசிக்கும்போது உங்கள் குரல் கேட்க வேண்டும். ஆகவே பேசுகிறபடியே எழுதுங்கள்.

இனி மாமியின் விஷயம். அட்டையில் அவரோடு வாதாட வேண்டாம். ‘மூடநம்பிக்கைகளை விட்டுச் சந்தோசமாக இரு’ என்று எழுதினால் அந்த நம்பிக்கைகளையே அட்டைக்குள் கூட்டி வந்ததாகிவிடும், வீட்டில் ஒரு மனக்கசப்பும் மிச்சம். கண்ணூறு உண்டு என்றும் எழுத வேண்டாம், இல்லை என்றும் எழுத வேண்டாம். மேலே பிள்ளையார் சுழி போடலாமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இதுதான்: போடாவிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து போடுகிறீர்களா, அல்லது கொப்பியில் முதல் பக்கம் திறந்ததும் கை தானாகப் போடுகிறதா? கை தானாகப் போட்டால் போடுங்கள், அது உங்கள் கையெழுத்தின் ஒரு பகுதி. பயந்து போடுவதென்றால் விட்டுவிடுங்கள். மாமி அட்டையின் மூலையில் மஞ்சள் தொட்டு வைக்க விரும்பினால் அதற்கு ஒரு மூலையை வெறுமையாக விட்டுவையுங்கள். தன் கையும் இதில் பட்டது என்ற நிறைவு அவருக்கு இருக்கட்டும்.

அட்டை அந்த வீட்டில் கைமாறிக் கைமாறிப் போகும். ஆகவே முகப்பில் எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு சொல், உள்ளே அவளுக்கு மட்டும். முகப்பில் ‘வருக’ என்ற ஒற்றைச் சொல்லே போதும். பெரிதாக, வளைவுகள் நன்றாகத் தெரியும்படி எழுதினால் ‘ரு’வும் ‘க’வும் அவ்வளவு அழகு. படம் வரைய விரும்பினால் சைக்கிள் ஒன்றை வரையுங்கள், பின்னால் வெறும் கரியரோடு. ஒன்றே ஒன்று: தனியாக எரியும் விளக்கும் தாமரையும் வேண்டாம். எங்கள் ஊரில் அந்தியேட்டி அழைப்பிலும் கல்வெட்டு அட்டையிலும் அவற்றைத்தான் பார்த்துப் பார்த்துக் கண் பழகியிருக்கிறது. வேறொரு அச்சகத்தில் செய்த வளைகாப்பு அட்டை ஒன்றைப் பார்த்துவிட்டு, ‘ஆருக்கு முப்பத்தொண்டு?’ என்று ஒரு பெரியவர் கேட்டதை நானே கேட்டேன். அது சகுனம் பற்றிய கதை இல்லை. ஒரு படத்தை எங்கே பார்த்துப் பழகினோமோ அந்த நினைவுதான் முதலில் வரும், அவ்வளவுதான். கறுப்புக் கரை போட்ட தாளும் அப்படியே.

செய்கிற வேலை சுலபம். 250 அல்லது 300 ஜிஎஸ்எம் தடிப்புள்ள A4 அட்டை ஒன்று வாங்குங்கள், வழுவழுப்பு இல்லாத மேற்பரப்பாகக் கேளுங்கள். பளபளப்பான அட்டை மையை உறிஞ்சாது. ஜெல் பேனையால் எழுதினால் எங்கள் வெயிலுக்கும் வியர்வைக்கும் கை பட்ட இடமெல்லாம் இழுபடும். வெட்டிய துண்டில் ஒரு சொல் எழுதி, ஒரு நிமிடம் பொறுத்து, விரலால் தேய்த்துப் பாருங்கள். இழுபடாவிட்டால் அந்தப் பேனை சரி. தடித்த அட்டையை நேராக மடித்தால் மடிப்பு வெடிக்கும். முதலில் நடுவில் அடிமட்டம் வைத்து, மை தீர்ந்த போல்பொயின்ற் பேனையால் அழுத்திக் கோடு இழுத்துவிட்டு மடியுங்கள். நீலம் அல்லது கடும் பச்சை மை நன்றாக இருக்கும்.

மடித்த பிறகு உள்ளே வலப்பக்கம் 148 மில்லிமீற்றர் அகலம், 210 உயரம். சுற்றிவர ஓரம் விட்டு, ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு வரியாகப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டால் பதினாறு வரி வரும். கையெழுத்தில் ஒரு வரிக்கு நான்கு சொல்தான் கொள்ளும். ஆக அறுபது சொல் சொச்சம். அதற்கு மேல் எழுதினால் கடைசி வரிகள் நெருங்கி, அவசரத்தில் எழுதியது போலத் தெரியும். இந்த அளவுக்கு நான் ஒன்றை எழுதிப் பார்த்தேன்:

“அடியே,
ஆறு வருசம் என்ர சைக்கிள் கரியரில இருந்துகொண்டு ‘கெதியா மிதியடி’ எண்டு என்னை விரட்டினனீ. இப்ப உனக்குள்ள இருந்து ஒரு ஆள் உதைச்சு உதைச்சு உன்னை விரட்டுறார். எனக்கு நல்ல சந்தோசம்.
அண்டைக்கு மாங்காயும் உப்பும் தூளும் மடியில வைச்சுக்கொண்டு நீ சிரிச்ச சிரிப்பு இன்னும் என்ர கண்ணுக்குள்ள நிக்குது.
இந்தச் சனியில இருந்து ஒவ்வொரு சனியும் மத்தியானச் சாப்பாடு நான் கொண்டு வாறன்.
குட்டி ஆளே, வாங்கோ. கரியரில இடம் இருக்கு.”

மாங்காய் நானாகப் போட்டது. அந்த இடத்தில் நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். புளிப்பு ஆசை எல்லோரும் சொல்வதால் அதை ஒரு இட நிரப்பியாகத்தான் வைத்தேன். அவள் உண்மையில் பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு உடுப்பு மடித்தாள் என்றால் அதுதான் இதைவிட நூறு மடங்கு நல்லது. சனிக்கிழமை உங்களுக்கு வேலை நாள் என்றால் வேறு நாளைப் போடுங்கள். முடியாத நாளை அழகுக்காக எழுத வேண்டாம்.

எழுதி முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உரத்து வாசியுங்கள். பயம் ஒளிந்திருக்கும் இடத்தில் குரல் தானாகத் தாழ்ந்து போகும், கோயிலில் பேசுவது போல. அப்படித் தாழ்கிற வரியை வெட்டிவிட்டு மீண்டும் வாசியுங்கள். தெருவில் அவளைக் கண்டதும் கூப்பிடுகிற குரலிலேயே கடைசி வரை வாசிக்க முடிந்தால் அட்டை சரி.

கொடுக்கும் நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. வளைகாப்பன்று கூட்டத்துக்கு நடுவே கொடுத்தால், ‘சத்தமா வாசி’ என்று யாராவது சொல்வார்கள். அவள் வாசிக்கும்போது எல்லோரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். கண் கலங்கினால் உடனே ‘அழக்கூடாது, பிள்ளைக்குக் கூடாது’ என்று தொடங்கிவிடுவார்கள். போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் போய், தேத்தண்ணி குடிக்கும்போது கையில் கொடுத்துவிடுங்கள். அவள் அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள். அடுத்த நாள் அது மற்ற அன்பளிப்புகளோடு மேசையில் மூடியபடி இருக்கட்டும், ‘வருக’ என்ற முகப்பு எல்லோருக்கும் தெரியும்படி.

ஒரு காரியம் மட்டும் பேனையை எடுக்க முன்னமே செய்ய வேண்டும். கலண்டரை எடுத்து, முதல் சனிக்கிழமையிலிருந்து பிள்ளை பிறந்து இரண்டு மூன்று மாதம் வரை ஒவ்வொரு சனியாகக் குறித்து, வீட்டிலும் சொல்லி வையுங்கள். அதன் பிறகு அந்த வரியை எழுதுங்கள்.